பிளஸ் டூவும் நீட்டும் ஒரே வீட்டில்: ஜனவரி முதல் ரிசல்ட் வரை குடும்பம் செய்ய வேண்டியவை

நீட் பயிற்சி மையங்கள் பலவற்றில் மாதிரித் தேர்வு மதிப்பெண், எழுதிய பிள்ளை வீடு வந்து சேர்வதற்கு முன்பே பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போய்விடுகிறது. என் அக்காள் மகள் பிளஸ் டூ படித்த ஆண்டு மதுரையில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். கோவில்பட்டியில் இருக்கும் அப்பாவுக்குச் செய்தி போயிருக்கும், செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும் என்று தெரிந்தே ஞாயிறு மாலைகளில் தெருமுனை திரும்புவாள். ஒரு ஜனவரி ஞாயிறு 720-க்கு 360 வந்திருந்தது. அத்தான் போனில் கேட்டது ஒரே கேள்வி: “இவ்வளவு செலவு செய்தும் பாதிதானா?” அவள் பதில் சொல்லவில்லை. தட்டில் போட்ட இட்லி அப்படியே இருந்தது.

நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். பள்ளியில் எத்தனையோ பெற்றோரிடம் “பிள்ளைக்கு அழுத்தம் கொடுக்காதீர்கள்” என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் எதையும் மாற்ற முடியாது என்பது அந்த ஆண்டுதான் எனக்குப் புரிந்தது. அழுத்தம் குறிப்பிட்ட சில வழிகளில்தான் வீட்டுக்குள் வருகிறது. அந்த ஓராண்டில் நாங்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த அந்த வழிகளையும், அவற்றுக்குச் செய்ததையும் மாத வரிசையில் எழுதுகிறேன்.

ஜனவரி: ஒரு தாளில் தேதிகளையும் வழிகளையும் எழுதுங்கள்

பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு ஒரு முழுத்தாளில் எழுத வேண்டியது இது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மார்ச் மாதம் எழுத்துத் தேர்வு. வழக்கமாக மே மாத முதல் ஞாயிறன்று நீட். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். அதற்குப் பிறகு நீட் ரிசல்ட், கலந்தாய்வு. சரியான தேதிகள் அறிவிப்பு வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

அதற்குக் கீழே, பிளஸ் டூ மதிப்பெண் எப்படி அமைகிறது என்று எழுதுங்கள். பெற்றோரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மொத்தம் ஆறு பாடங்கள், 600 மதிப்பெண். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சி பெற மொத்தத்தில் 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து செய்முறையை முடித்த பிள்ளை மார்ச் மாதம் இயற்பியல் தேர்வு எழுத உட்காரும்போதே 25-க்கு மேல் கையில் வைத்திருக்கிறது. “ஃபெயிலாகிவிடுவேனோ” என்று இரவெல்லாம் பயப்படும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாலே போதும், அந்தப் பயம் பாதியாகக் குறைந்துவிடும். வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு வழிகளை எழுதுங்கள். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா ஆகியவற்றுக்கு நீட் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007-08 கல்வியாண்டு முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என 200-க்கு கட்ஆஃப் போடுகிறார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தால் 92 + 42 + 44, அதாவது 178. மாநில ஒதுக்கீட்டில் வேளாண்மை, கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். ஆகியவையும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு.

இதை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீட்டுக்குப் படிக்கும் வீடுகளில் “போர்டு எக்ஸாம் பாஸானால் போதும், நீட்தான் முக்கியம்” என்ற பேச்சு நவம்பரிலேயே தொடங்கிவிடும். பிள்ளை பிளஸ் டூ பாடத்தைக் கைவிடும். அதன் பிறகு அத்தனை எதிர்காலமும் மே மாதத்து மூன்று மணி நேரத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பார்த்த வரையில், மிகவும் பயந்துபோகும் பிள்ளைகள் மதிப்பெண் குறைந்தவர்கள் அல்லர். வேறு வழியே இல்லை என்று நம்பவைக்கப்பட்டவர்கள்தான். நாங்கள் எழுதிய தாளில் என் அக்காள் மகள் ஐந்து வரி எழுதினாள். முதல் வரி எம்.பி.பி.எஸ். ஐந்தாவது வரியை எழுதும்போது பேனாவைக் கடித்துக்கொண்டு, “சித்தி, இதை எழுதினால் அப்பா கோபித்துக்கொள்வாரா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் இல்லை, என்னிடமும் இல்லை. அன்றிரவே அத்தானை வரச் சொன்னேன்.

அவரிடம் பேச வேண்டியது பணத்தைப் பற்றி. இந்தப் பேச்சைப் பிள்ளை இல்லாதபோது பெரியவர்கள் முடித்துக்கொள்ள வேண்டும். கட்டிய பணம் கட்டியதுதான். அதைத் திரும்பப் பேசுவதால் ஒரு கேள்விக்குக்கூட விடை சரியாகப் போவதில்லை. முடிவு செய்ய வேண்டியது இன்னொன்று: இந்த ஆண்டு கிடைக்காவிட்டால் இன்னோர் ஆண்டு படிக்க வைக்க நம்மால் முடியுமா, முடியாதா? முடியும் என்றாலும் முடியாது என்றாலும், அதை ஒருமுறை அமைதியாகப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். முடியாது என்ற பதிலைக்கூடப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும் செலவுக் கணக்கைக் கேட்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

மாதிரித் தேர்வு மாலை: மொத்தத்தைப் பிரித்துப் பாருங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். 360 என்ற எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் யாராலும் எந்த வேலையும் செய்ய முடியாது. திட்டலாம், அழலாம், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பிரித்தால் நாளை காலை செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரியும்.

முதலில் ஒரு விதி வைத்தோம். மதிப்பெண் வந்த அன்று அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அத்தானும் சம்மதித்தார். மறுநாள் மாலை, சாப்பிட்ட பிறகு, அரை மணி நேரம் மட்டும் வினாத்தாளோடு உட்காருவோம்.

நீட்டில் 180 கேள்விகள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும், விட்டுவிட்டால் எதுவும் இல்லை. அவளுடைய 360 இப்படி வந்திருந்தது: இயற்பியலில் சரி 14, தவறு 22, விட்டது 9, மதிப்பெண் 34. வேதியியலில் சரி 24, தவறு 15, விட்டது 6, மதிப்பெண் 81. உயிரியலில் சரி 66, தவறு 19, விட்டது 5, மதிப்பெண் 245.

தவறான கேள்விகள் மொத்தம் 56. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஓர் எழுத்தைப் போடச் சொன்னேன். பாடமே தெரியாது என்றால் ‘தெ’. தெரிந்தும் தவறவிட்டது என்றால் ‘க’, அதாவது கவனக்குறைவு. விடை தெரியாமல் குறித்தது என்றால் ‘ஊ’, ஊகம். அவளே போட்டாள், நான் எட்டிப் பார்க்கவில்லை. முடிவில் ‘தெ’ 18, ‘க’ 17, ‘ஊ’ 21 என்று வந்தது.

ஊகம் 21 என்றதும் “தெரியாததைத் தொடாதே” என்று பாய்வதுதான் பெற்றோரின் வழக்கம். கணக்கு வேறு சொல்கிறது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் நான்கில் ஒரு முறை 4 கிடைக்கும், மூன்று முறை ஒவ்வொன்றாகப் போகும். நான்கு கேள்விக்குச் சராசரியாக 1 மதிப்பெண் லாபம், நட்டமில்லை. இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் ஒரு கேள்விக்குச் சராசரி 1.5 கிடைக்கும். அதனால் ஊகத்துக்காகத் திட்டுவதில் பொருளில்லை.

பெரிய புதையல் ‘க’ குவியலில் இருந்தது. தவறு சரியாக மாறினால் போன 1 திரும்பி வரும், புதிதாக 4 வரும், ஆக 5. பதினேழு கேள்விக்கு 85. எல்லாக் கவனக்குறைவும் ஒருநாளும் மறையாது. பாதி மறைந்தாலே 40 மதிப்பெண். அந்தப் பதினேழையும் திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஒன்பது கேள்விகளில் ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று எது’ என்று படித்திருந்தாள். நான்கில் அலகு மாற்றும்போது பிழை. மீதி நான்கும் கடைசிக் கால்மணி நேரத்து அவசரம். அந்த வாரம் அவளுக்கு ஒரே வேலைதான் கொடுத்தோம்: கேள்வியில் ‘தவறான’, ‘அல்லாத’, ‘தவிர’ என்ற சொற்களைக் கண்டால் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்க்க வேண்டும்.

மூன்று வாரத்தில் ‘க’ 17-இலிருந்து 9 ஆனது. புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே மதிப்பெண் 400-ஐ ஒட்டி வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, ஞாயிறு இரவு அவள் சாப்பிட்டாள் என்பது. அத்தானின் போன் பேச்சும் மாறிவிட்டது. “இந்த வாரம் ‘க’ எத்தனை?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

‘தெ’ குவியலை ஒரே வாரத்தில் தீர்க்க முயலாதீர்கள். அதில் அடிக்கடி கேள்வி வரும் இரண்டு பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள். இந்த அரை மணி நேரம் நீங்கள் நினைத்தபடி போகவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: பிள்ளை ‘க’ போட வேண்டிய இடத்தில் எல்லாம் ‘தெ’ என்று போட ஆரம்பிக்கும், அல்லது வினாத்தாளைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லும். கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்டால் திட்டு விழுகிறது என்று பொருள். அப்போது நீங்கள் எழுந்து போய்விடுங்கள், அவர்களே தனியாகச் செய்யட்டும்.

தூக்கமும் ஆச்சியின் நான்கு மணியும்

என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பேத்தியை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிக் காப்பி கொடுத்து உட்கார வைப்பது ஆச்சியின் பொறுப்பு. “அதிகாலையில் படித்தால் நெஞ்சில் நிற்கும்” என்பார்கள். சீக்கிரம் படுக்கும் பிள்ளைக்கு அது சரி. டியூஷன் முடித்து இரவு எட்டே முக்காலுக்கு வீடு வந்து, பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளைக்கு நான்கரை மணி நேரம்தான் மிஞ்சும்.

பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போகிறது. இரவு தாமதமாகத்தான் தூக்கம் வரும், காலையில் எழுவது கடினம். சோம்பல் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இதுதான். பகலில் படித்தது நினைவில் படிவதும் தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டினால் முந்தைய நாள் படித்ததன் ஒரு பங்கையும் சேர்த்துத்தான் வெட்டுகிறோம்.

தூக்கம் போதவில்லை என்று எப்படித் தெரியும்? ஒரே பக்கத்தை மூன்று முறை திருப்புவார்கள். சின்னச் சொல்லுக்குக் கண் கலங்கும். ஞாயிறன்று எழுப்பாவிட்டால் பதினோரு மணி வரை தூங்குவார்கள். ‘க’ குவியல் திடீரென்று ஏறும்.

நாங்கள் மாற்றியது: இரண்டு டியூஷனில் ஒன்றை நிறுத்தினோம். பத்தே காலுக்கு விளக்கை அணைத்து, ஆறு மணிக்கு எழுப்பினோம். எட்டு மணி நேரம் வரவில்லை, ஏழே முக்கால் வந்தது. மாலை நான்கு மணிக்கு மேல் காப்பி இல்லை. குடித்த காப்பியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். கைபேசி இரவில் சமையலறையில் சார்ஜ் ஏறும். எல்லாருடைய கைபேசியும். அவளுடையதை மட்டும் பிடுங்கி வைத்திருந்தால் அது தண்டனையாகியிருக்கும்.

ஆச்சிக்கு நான்கு மணி வேலை போய்விட்ட வருத்தம். அவர்களுக்கு வேறொரு வேலை கொடுத்தோம். மாலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, பேத்தி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்று படித்ததைச் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆச்சிக்கு ஒளிச்சேர்க்கையும் தெரியாது, நெஃப்ரானும் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. திருத்தவும் மாட்டார்கள், முகம் சுளிக்கவும் மாட்டார்கள். “அப்புறம்?” என்று மட்டும் கேட்பார்கள். எந்த இடத்தில் “அப்புறம்” என்றதும் பேத்தி தடுமாறுகிறாளோ, அந்த இடம் அவளுக்கே தெரிந்துவிடும். அதை மட்டும் திறந்து பார்ப்பாள்.

இதற்குப் பின்னால் ஆய்வும் இருக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படிப்பதைக் குறைத்துப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள், மறுபடி படித்தவர்கள் சுமார் 40 சதவீதம்தான். “எல்லாம் படித்தேன், ஹாலில் மறந்துவிட்டது” என்று அழும் பிள்ளைகள் பெரும்பாலும் படித்துக்கொண்டே இருந்தவர்கள். சொல்லிப் பார்க்காதவர்கள். அந்த மறதியின் பயம் தேர்வுக்கு முந்தைய இரவின் பெரிய பயம்.

மார்ச்: தேர்வு நாட்களில்

பொதுத் தேர்வு பத்து மணிக்குத் தொடங்கும். முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க, பத்தே காலிலிருந்து ஒன்றே கால் வரை எழுத. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பல பிள்ளைகளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், எழுத்துகள் மங்கும். அப்படி நேரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பயந்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும், சில நிமிடத்தில் அடங்கும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக ஐந்தாறு முறை செய்துவிட்டு, உறுதியாகத் தெரிந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இதைத் தேர்வன்று புதிதாகச் செய்தால் பயன் தராது. மாதிரித் தேர்வுகளிலேயே பழகியிருக்க வேண்டும்.

தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் ஒரு மதிப்பெண் வினாக்களின் விடையைச் சரிபார்க்காதீர்கள். பள்ளி வாசலில் அதற்கென்றே ஒரு கூட்டம் நிற்கும். இயற்பியல் தேர்வன்று எங்கள் வீட்டுப் பெண் அழுதுகொண்டே வந்தாள். சாப்பாடு போட்டோம், ஒரு மணி நேரம் தூங்கச் சொன்னோம், எழுந்ததும் அடுத்த பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தோம். எத்தனை கேள்வி போயிற்று என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் இயற்பியல் 84 இருந்தது.

உறவினர் போன்கள் வேறு. அதற்கு ஒரே ஓர் ஆள் பதில் சொன்னால் போதும். எங்கள் வீட்டில் என் கணவர். “நன்றாக எழுதியிருக்கிறாள், ரிசல்ட் வந்ததும் நாங்களே சொல்கிறோம்” என்று சொல்லி வைத்துவிடுவார்.

ஏப்ரல்: கடிகாரத்தை மதியம் இரண்டுக்கு மாற்றுதல்

பலர் கவனிக்காத ஒன்று இது. மூன்று மாதமாகப் பிள்ளையின் மூளை காலை பத்து மணிக்குக் கூர்மையாக இருக்கப் பழகியிருக்கிறது. பொதுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் வெயிலில் மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஒரு தூக்கம் போடும் வழக்கம் வந்துவிடும். நீட்டோ மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. மே மாத வெயிலில், சரியாக அந்தத் தூக்க நேரத்தில்.

அதனால் ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டு நாளாவது வீட்டில் இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஐந்து மணி வரை ஒரு முழுத் தேர்வு எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்குக் கொண்டுவாருங்கள். தேர்வன்று ஒன்றரை மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள், சோதனைக்கு அதற்கும் வெகுமுன்பே போய் நிற்க வேண்டும். அன்று என்ன சாப்பிடப் போகிறார்களோ, அதையே இந்த நாட்களிலும் சாப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் என்று முடிவானது. சாம்பார் சாதம் சாப்பிட்ட நாள்களில் மூன்று மணிக்குக் கண் சொக்கியது என்று அவளே கண்டுபிடித்தாள்.

உடைக்கும் இதே போல. முழுக்கை, ஷூ கூடாது, நகை கூடாது. எந்தச் சுடிதார், எந்தச் செருப்பு என்று ஒரு வாரத்துக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். அனுமதிச் சீட்டில் உள்ள விதிகளை அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் தனித்தனியாக ஒருமுறை படியுங்கள். தேர்வு மையம் வெளியூர் என்றால் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வாசலில் கம்மலைக் கழற்றச் சொல்லும்போது அழும் பிள்ளைகள் உள்ளே போய் முதல் அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

எல்லை தாண்டும்போது

தேர்வுப் பயம் சாதாரணம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போய், நண்பர்களிடமும் பேசாமல், பிடித்தவற்றிலும் ஆர்வம் இழந்து இருந்தால் அது படிப்பைப் பற்றியது மட்டுமாக இராது. “நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்” என்பது போன்ற பேச்சு வந்தால், கோபத்தில் சொன்னது என்று ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “சாகலாம் என்று தோன்றுகிறதா, கண்ணு?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிவதுதான் பெரிய ஆறுதல். ஆம் என்றால் வாதாட வேண்டாம், அறிவுரை வேண்டாம். தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும், விவசாய வீடானால் பூச்சிமருந்தையும் அன்றே பூட்டி வையுங்கள், முடிந்தால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104 என்ற தமிழக அரசின் எண்ணிலும் இரவிலும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவு உண்டு. நாளைய மாதிரித் தேர்வைவிட நாளை அங்கே போவதுதான் முக்கியம்.

ரிசல்ட் நாள்

அன்று வீட்டில் யார் இருப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்டு, பிள்ளை தனியாகக் கைபேசியில் பார்க்கும்படி விடாதீர்கள். முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்று மாநில அளவில் பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் அது நிற்கவில்லை. அன்று ஒரு நாள் குழுக்களைத் திறக்காதீர்கள்.

ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் துணைத் தேர்வு உண்டு, சில வாரங்களிலேயே. அதே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் சென்னையில் சினேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தேர்வில் தோற்ற பிள்ளைகளைக் காப்பாற்றியதில் இந்தத் துணைத் தேர்வுக்குப் பெரிய பங்கு உண்டு என்று தொடர்ந்து சொல்லிவருகிறார். ஓராண்டு போய்விட்டது என்ற எண்ணம், ஒரு மாதத்தில் எழுதிவிடலாம் என்று மாறுவதன் பலன் அது. மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்திருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம், பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். இதற்கான கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும். பிள்ளையின் அழுகை ஓயும் வரை காத்திராமல் பெரியவர்களில் ஒருவர் அந்தத் தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.

இன்னோர் ஆண்டு நீட்டுக்குப் படிப்பதா என்ற பேச்சை மட்டும் ரிசல்ட் வந்த முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் எடுக்கும் முடிவு, அழுகையிலோ வீராப்பிலோ எடுத்ததாக இருக்கும்.

நீட் ரிசல்ட் வந்த நாளுக்கு முந்தைய இரவே அத்தான் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவளுக்கு 431. மருத்துவ இடத்துக்கு அது போதாது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தத் தாள் எங்கே, தாயி?” என்று கேட்டார். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளை அவள் எடுத்து வந்தாள். நான்காவது வரியில் பி.பார்ம். இருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து கலந்தாய்வுச் சான்றிதழ்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்கள்: மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார். இருப்பிடச் சான்றிதழ் மட்டும் இன்னும் வாங்கியிருக்கவில்லை. அதை நீங்கள் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் அங்கே நீண்ட வரிசை நிற்கும்.